7.50 ரூபாயின் மெய்யான அளவு: 1966ஆம் ஆண்டின் பண மதிப்புக் குறைப்பும் ஏற்றுமதிப் போட்டித்திறனும்

ஆய்வுச் சுருக்கம்

1966 ஜூன் 6ஆம் நாள் இந்திய அரசு ஒரு டாலரின் விலையை 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாயாக உயர்த்தியது. இந்தப் பண மதிப்புக் குறைப்பு ஏற்றுமதியைப் பெருக்கவில்லை என்பதும், ஆகவே அது தோல்வியுற்றது என்பதும் நெடுநாள் நிலவிவரும் கருத்து. அம்முடிவு, பெயரளவு மாற்று வீதத்தில் நிகழ்ந்த மாற்றத்தைப் போட்டித்திறனில் நிகழ்ந்த மாற்றமாக எடுத்துக்கொள்வதால் எழுகிறது. பெயரளவு வீதம், பெயரளவுப் பயனுறு வீதம், உண்மைப் பயனுறு வீதம் ஆகியவற்றைப் படிப்படியாகக் கணித்து, 1968இன் தொடக்கத்தில் அந்த மதிப்புக் குறைப்பில் எவ்வளவு எஞ்சியிருந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. உண்மைப் பயனுறு வீதமும் காட்டத் தவறும் கூறுகள் எவை என்பதும் சுட்டப்படுகிறது.

திறவுச் சொற்கள்: மாற்று வீதம், பண மதிப்புக் குறைப்பு, உண்மைப் பயனுறு மாற்று வீதம், ஏற்றுமதிப் போட்டித்திறன், தேயிலை, சணல்.

முன்னுரை

1949 செப்டம்பரில் பிரித்தானியப் பவுண்டு மதிப்புக் குறைக்கப்பட்டபோது இந்திய ரூபாயும் அதனுடன் இறங்கியது. அன்று நிலைபெற்ற 4.76 ரூபாய்க்கு ஒரு டாலர் என்ற வீதம் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் மாறவில்லை. அதே காலத்தில் ஐந்தாண்டுத் திட்டங்களின் முதலீட்டுச் செலவும் இறக்குமதித் தேவையும் பெருகின. இரண்டாம் திட்டக் காலம் முதலே அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு நிலைத்துவிட்டது. 1965 செப்டம்பரில் மூண்ட இந்திய–பாகிஸ்தான் போரையடுத்து வெளிநாட்டு உதவி தடைப்பட்டது. அவ்வாண்டின் பருவமழையும் பொய்த்தது. பெர்னார்டு பெல் தலைமையில் வந்த உலக வங்கிக் குழு ரூபாயின் மதிப்பைக் குறைக்க வலியுறுத்தியது. நிதியமைச்சராக இருந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி அதை ஏற்கவில்லை. அவர் 1965 டிசம்பர் இறுதியில் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த சச்சீந்திர சௌதுரியின் காலத்தில், இந்திரா காந்தி பிரதமராகி ஐந்து மாதங்கள் நிறைவதற்குள், மதிப்புக் குறைப்பு அறிவிக்கப்பட்டது. காங்கிரஸ் தலைவர் காமராசர் இம்முடிவை வெளிப்படையாக எதிர்த்தார்.

அறிவிப்பின் அளவை இருவகையாகக் கூறலாம். ரூபாயின் பொன் மதிப்பு 36.5 விழுக்காடு குறைந்தது. டாலரின் ரூபாய் விலை 57.5 விழுக்காடு உயர்ந்தது. இரண்டும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள். 4.76ஐ 7.50ஆல் வகுத்தால் 0.635 கிடைக்கும். அதாவது மதிப்புக் குறைப்புக்கு முந்தைய ரூபாயின் டாலர் மதிப்பை 100 எனக் கொண்டால், பிந்தைய மதிப்பு 63.5 ஆகும்.

இதன்பின் நிகழ்ந்ததை அலுவல்முறைப் புள்ளிவிவரங்கள் இருவேறு விதமாகக் காட்டுகின்றன. ரூபாயில் கணக்கிட்டால் இந்திய ஏற்றுமதி 1965–66இல் ஏறத்தாழ 810 கோடியாக இருந்து 1966–67இல் 1,157 கோடியாக உயர்ந்தது. டாலரில் கணக்கிட்டால் அதே ஏற்றுமதி ஏறத்தாழ 169 கோடி டாலரிலிருந்து 163 கோடி டாலராகக் குறைந்தது. அதற்கடுத்த ஆண்டில் அது 160 கோடி டாலருக்கும் கீழே சென்றது. ரூபாய்க் கணக்கில் தெரிந்த வளர்ச்சி, மாற்று வீதம் மாறியதால் மட்டும் தோன்றியது. டாலர்க் கணக்கில் தெரிந்த வீழ்ச்சியோ மதிப்புக் குறைப்புக்கு எதிரான சான்றாகக் கொள்ளப்பட்டது. விலை குறைந்தும் சரக்கு விற்கவில்லை என்பதே அவ்வாதத்தின் சாரம். ஆனால் விலை உண்மையில் எவ்வளவு குறைந்தது என்ற வினாவுக்கு முதலில் விடை காண வேண்டும்.

மூன்று வீதங்கள்

பெயரளவு மாற்று வீதம் என்பது ஒரு நாணயத்தை மற்றொரு நாணயமாக மாற்றுவதற்கான விலை. அது இரு நாடுகளின் பணத்தைப் பற்றிப் பேசுகிறதே அன்றி, அவற்றின் சரக்குகளைப் பற்றிப் பேசுவதில்லை. மேலும் அது ஒரே ஒரு நாணயத்துடன் செய்யும் ஒப்பீடு. ஒரு நாட்டின் வாணிகம் பல நாடுகளுடன் நடைபெறுவதால், ஒவ்வொரு நாணயத்துக்கும் எதிரான வீதத்தை அந்நாட்டின் வாணிகப் பங்கைக் கொண்டு எடையிட்டுப் பெருக்குச் சராசரி காண்பது இரண்டாம் படி. அவ்வாறு பெறப்படுவது பெயரளவுப் பயனுறு மாற்று வீதம். இதனுள்ளும் விலைவாசி இடம்பெறவில்லை. உள்நாட்டு விலைகள் வெளிநாட்டு விலைகளைவிட விரைவாக ஏறினால், நாணயம் இறங்கியும் சரக்கு மலிவதில்லை. இதைக் கணக்கில் சேர்ப்பதே மூன்றாம் படியாகிய உண்மைப் பயனுறு மாற்று வீதம்.

```
REER = Π (S_i × P / P_i)^(w_i)
```

இங்கு S_i என்பது ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் i நாட்டு நாணயத்தின் அளவைக் காட்டும் குறியீட்டெண். P உள்நாட்டு விலைக் குறியீடு. P_i அந்நாட்டின் விலைக் குறியீடு. w_i அந்நாட்டுக்கு அளிக்கப்படும் எடை. எல்லா எடைகளின் கூட்டுத்தொகை 1. இந்த முறையில் குறியீடு உயர்ந்தால் உள்நாட்டுச் சரக்குகள் பிற நாட்டுச் சரக்குகளைவிட விலை ஏறின என்று பொருள். தாழ்ந்தால் மலிந்தன என்று பொருள். இந்திய ரிசர்வ் வங்கி வெளியிடும் குறியீடுகளும் இம்முறையையே பின்பற்றுகின்றன. வேறு சில வெளியீடுகளில் வீதம் தலைகீழாக எழுதப்படுவதால், எண்ணைப் படிக்கும் முன் அதன் திசையை அறிந்துகொள்ள வேண்டும்.

1966இல் இத்தகைய குறியீடு கொள்கை விவாதத்தில் இடம்பெறவில்லை. பெரும்பாலான நாணயங்கள் டாலருடன் நிலையான வீதத்தில் பிணைக்கப்பட்டிருந்த பிரெட்டன் வுட்ஸ் அமைப்பில், டாலருக்கு எதிரான ஒரே வீதமே போதுமானதாகத் தோன்றியது. ஆயினும் அடுத்த பதினெட்டு மாதங்களின் நிகழ்வுகள், அந்த அமைப்பினுள்ளும் ஒரே வீதம் போதாது என்பதை மெய்ப்பித்தன.

வறட்சியும் விலைவாசியும்

1964–65இல் இந்தியாவின் உணவுதானிய விளைச்சல் ஏறத்தாழ 894 இலட்சம் டன். 1965–66இல் அது 723 இலட்சம் டன்னாக வீழ்ந்தது. ஒரே ஆண்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. மதிப்புக் குறைப்பை அறிவித்தபோது அடுத்த பருவமழை சீராக அமையும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அதுவும் பொய்த்தது. 1966–67இன் விளைச்சல் 742 இலட்சம் டன்னைத் தாண்டவில்லை. விளைவாக மொத்த விலைக் குறியீடு 1966–67இல் ஏறத்தாழ 14 விழுக்காடும், 1967–68இல் மேலும் ஏறத்தாழ 11.6 விழுக்காடும் உயர்ந்தது. இரண்டையும் சேர்த்தால் 1965–66ஐ விட 27 விழுக்காடு ஏற்றம். அதே காலத்தில் அமெரிக்காவின் மொத்த விலைகள் மூன்றரை விழுக்காட்டளவே ஏறின.

இவ்வெண்களை டாலருக்கு எதிரான வீதத்தில் பொருத்திப் பார்க்கலாம். 1965–66ஐ 100 எனக் கொள்க. பெயரளவு வீதம் 63.5. முதலாண்டில் இந்திய விலைகள் 114ஆகவும் அமெரிக்க விலைகள் 103ஆகவும் ஆனதால், உண்மை வீதம் 63.5 × 114 ÷ 103 என்ற கணக்கில் ஏறத்தாழ 70. இரண்டாம் ஆண்டில் அது 63.5 × 127 ÷ 103.5, அதாவது 78. பெயரளவு வீதம் ஈராண்டும் 7.50 ரூபாயிலேயே அசையாது நின்றது. ஆனால் டாலருக்கு எதிரான ரூபாயின் உண்மை மதிப்பு 36.5 விழுக்காட்டுக்குப் பதிலாக 22 விழுக்காடு மட்டுமே குறைந்திருந்தது. குறைப்பின் ஐந்தில் இரண்டு பங்கை வறட்சி விழுங்கிவிட்டது.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். ஏறிய விலைகளில் பெரும்பகுதி தானியத்தின் விலை. இந்தியா தானியத்தை ஏற்றுமதி செய்யவில்லை, இறக்குமதி செய்தது. அவ்வாறாயின் தானிய விலை எவ்வாறு சணல் ஆலையின் அல்லது பொறியியல் தொழிற்சாலையின் போட்டித்திறனைப் பாதிக்கும்? விடை கூலியில் உள்ளது. ஆலைத் தொழிலாளரின் அகவிலைப்படி வாழ்க்கைச் செலவுக் குறியீட்டுடன் இணைக்கப்பட்டிருந்தது. தானிய விலை ஏறினால் அக்குறியீடு ஏறும். சில மாதங்களில் கூலிச் செலவும் ஏறும். வறட்சி சணல், பருத்தி, எண்ணெய் வித்து ஆகியவற்றின் விளைச்சலையும் குறைத்ததால் மூலப்பொருள் விலையும் ஏறியது. எனவே மொத்த விலைக் குறியீடு ஏற்றுமதியாளரின் செலவைத் துல்லியமாகக் காட்டாவிட்டாலும், அதன் திசையைச் சரியாகவே காட்டியது. அலகுக் கூலிச் செலவைக் கொண்டு கணித்தால் எண்கள் வேறுபடலாம். எந்த விலைக் குறியீட்டைக் கொண்டு கணிக்கப்பட்டது என்பதைக் கூறாமல் தரப்படும் உண்மை வீதம் முழுமையற்றது என்பதற்கு இதுவே காரணம்.

1967 நவம்பர்: பிறர் செய்த மாற்றம்

1967 நவம்பர் 18ஆம் நாள் பிரித்தானியா பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைத்தது. இந்தியா உடன் இறங்கவில்லை. ரூபாய் டாலருக்கு 7.50 என்ற அளவிலேயே நின்றது. ஆனால் ஒரு பவுண்டின் விலை 21 ரூபாயிலிருந்து 18 ரூபாயாகச் சரிந்தது. 1966க்கு முன் அது 13.33 ரூபாயாக இருந்தது. ஆகவே பவுண்டுக்கு எதிரான ரூபாயின் பெயரளவு மதிப்பு, 13.33 ÷ 18 என்ற கணக்கில், 74. பிரித்தானிய விலைகள் இக்காலத்தில் 6 விழுக்காடு ஏறின என்று கொண்டால் உண்மை வீதம் ஏறத்தாழ 89. டில்லியில் எந்த ஆணையும் பிறப்பிக்கப்படாமலே, 1966இல் பெற்ற நன்மையின் ஒரு பகுதி இலண்டன் சந்தையில் மறைந்தது.

இதனினும் கூர்மையான மாற்றம் கொழும்பில் நிகழ்ந்தது. பிரித்தானியாவைத் தொடர்ந்து அதே மாதத்தில் இலங்கை தன் ரூபாயின் மதிப்பை 20 விழுக்காடு குறைத்தது. டாலருக்கு 4.76 என்றிருந்த இலங்கை ரூபாய் 5.95 ஆயிற்று. 1966 ஜூன் வரை இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் சமமதிப்புடையவை. 1966 ஜூன் முதல் 1967 நவம்பர் வரை ஓர் இந்திய ரூபாய்க்கு 63.5 இலங்கைச் சதம் கிடைத்தது. அதன்பின் அது 79.3 சதமாக உயர்ந்தது. பதினேழு மாதங்களுக்கு முன் பெற்ற 36.5 விழுக்காட்டுக் குறைப்பு, பெயரளவிலேயே 20.7 விழுக்காடாகச் சுருங்கியது.

விலைவாசியைச் சேர்த்தால் எஞ்சுவது இன்னும் குறைவு. கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீடு 1966, 1967 ஆகிய ஆண்டுகளில் மிகச் சிறிதே ஏறியது. இலங்கையின் விலையேற்றத்தை 3 விழுக்காடு எனக் கொண்டால், 79.3 × 127 ÷ 103 என்ற கணக்கில் உண்மை வீதம் 98. கட்டுப்படுத்தப்பட்ட விலைகளைப் பெரிதும் சார்ந்திருந்த அக்குறியீடு உண்மையான ஏற்றத்தைக் குறைத்துக் காட்டியது என்ற திறனாய்வு உண்டு. அதை ஏற்று, விலையேற்றம் 10 விழுக்காடு என்றே கொண்டாலும் உண்மை வீதம் 92. இலங்கைத் தேயிலையுடன் போட்டியிட்ட இந்தியத் தேயிலைக்கு 1966இன் மதிப்புக் குறைப்பு 1968இன் தொடக்கத்தில் ஏறத்தாழ நிகழாத ஒன்றாகிவிட்டது என்பதே இதன் பொருள்.

இந்தியா இலங்கைக்குத் தேயிலை விற்கவில்லை. இலங்கையும் இந்தியாவுக்கு விற்கவில்லை. இரு நாடுகளுக்கிடையிலான வாணிகத்தை மட்டும் கொண்டு எடையிட்டால் இலங்கைக்கு மிகச் சிறிய எடையே கிடைக்கும். ஆனால் நீலகிரியிலும் அசாமிலும் பறித்த தேயிலையும், இலங்கை மலையகத்தில் பறித்த தேயிலையும் இலண்டன் ஏலத்தில் அருகருகே நின்றன. அங்கு வாங்குவோர் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றை எடுக்க முடியும். போட்டித்திறனை அளக்கும் எடை, யாருக்கு விற்கிறோம் என்பதைக் கொண்டு மட்டும் அமைந்தால் போதாது. யாருடன் போட்டியிட்டு விற்கிறோம் என்பதையும் கொண்டு அமைய வேண்டும். மூன்றாம் நாட்டுச் சந்தைப் போட்டி என்று பிற்காலக் குறியீடுகள் கணக்கில் சேர்க்கும் கூறு இதுவே.

இம்மூன்று ஒப்பீடுகளையும் ஒரே எண்ணாகத் திரட்டிப் பார்க்கலாம். டாலர், பவுண்டு, இலங்கை ரூபாய் ஆகிய மூன்றுக்கும் சம எடை அளிப்பது விளக்கத்துக்காக மட்டுமே. உண்மையான வாணிகப் பங்கு அவ்வாறு அமையவில்லை. பெயரளவு வீதங்கள் முறையே 63.5, 74, 79.3. இவற்றின் பெருக்குச் சராசரி 72. உண்மை வீதங்கள் 78, 89, 98. இவற்றின் பெருக்குச் சராசரி 88. ஆகவே டாலரின் பெயரளவு வீதம் 36.5 விழுக்காட்டுக் குறைப்பைக் காட்டிய அதே வேளையில், பெயரளவுப் பயனுறு வீதம் 28 விழுக்காட்டையும், உண்மைப் பயனுறு வீதம் 12 விழுக்காட்டையும் மட்டுமே காட்டுகின்றன. எடைகளை மாற்றினால் இறுதி எண் மாறும்; மூன்றின் வரிசை மாறாது.

குறியீட்டுக்கு அப்பால்: வரியும் மானியமும்

உண்மைப் பயனுறு வீதம் பெயரளவு வீதத்தைவிட மெய்ந்நிலைக்கு நெருக்கமானது. எனினும் அதுவும் அலுவல்முறை மாற்று வீதத்தையே தொடக்கமாகக் கொள்கிறது. ஏற்றுமதியாளர் கையில் சேரும் தொகை அந்த வீதத்திலிருந்து பெரிதும் விலகியிருந்தால், குறியீடு தொடக்கத்திலேயே பிழைபடும். 1966இன் இந்தியாவில் நிகழ்ந்தது அதுதான்.

அதற்கு முந்தைய ஆண்டுகளில் பொறியியல் பொருள்கள், வேதிப்பொருள்கள் முதலான புதிய ஏற்றுமதிகளுக்கு இறக்குமதி உரிமைத் திட்டம் நடைமுறையில் இருந்தது. ஏற்றுமதி செய்தவருக்கு அதன் மதிப்பில் ஒரு பங்குக்கு இறக்குமதி உரிமம் கிடைத்தது. இறக்குமதிப் பொருள்கள் தட்டுப்பாடாக இருந்ததால் அவ்வுரிமம் சந்தையில் உயர்ந்த விலைக்குப் போனது. வரிக்கழிவுச் சான்றிதழ்களும் இருந்தன. மதிப்புக் குறைப்புடன் இவ்விரண்டும் நீக்கப்பட்டன. சணல் பொருள்கள், தேயிலை முதலான மரபுவழி ஏற்றுமதிகளுக்குப் புதிய ஏற்றுமதித் தீர்வை விதிக்கப்பட்டது.

இதன் விளைவைக் கற்பனையான எண்களைக் கொண்டு விளக்கலாம். ஒரு பொறியியல் நிறுவனம் 100 டாலருக்கு ஏற்றுமதி செய்கிறது. மதிப்புக் குறைப்புக்கு முன் அதற்கு 476 ரூபாய் கிடைக்கும். ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு இறக்குமதி உரிமம் கிடைத்து, அது 80 விழுக்காடு மிகைவிலைக்குப் போனால் மேலும் 190 ரூபாய் சேரும். மொத்தம் 666 ரூபாய். மதிப்புக் குறைப்புக்குப் பின் உரிமம் இல்லை; கிடைப்பது 750 ரூபாய். உயர்வு 57.5 விழுக்காடன்று, ஏறத்தாழ 12.6 விழுக்காடே. அவ்வாண்டில் உள்நாட்டு விலைகள் 14 விழுக்காடு ஏறியதை நினைத்தால், அந்நிறுவனத்தின் மெய்யான வருவாய் முன்னிருந்ததைவிடச் சற்றே குறைந்துவிட்டது. மானியம் எதுவும் பெறாத சணல் ஏற்றுமதியாளருக்கோ 476 ரூபாய் 750 ஆக வேண்டும். ஆனால் தீர்வை 20 விழுக்காடு என்றால் கையில் நிற்பது 600 ரூபாய். உயர்வு 26 விழுக்காடு. ஒரே அறிவிப்பு ஒருவருக்கு மதிப்புக் குறைப்பாகவும் மற்றொருவருக்கு மதிப்பேற்றமாகவும் அமைய முடிந்தது. பெயரளவு வீதத்திலோ, அலுவல்முறை வீதத்தைக் கொண்டு கணித்த உண்மை வீதத்திலோ இவ்வேறுபாடு தென்படாது. ஜகதீஷ் பகவதியும் டி. என். சீனிவாசனும் 1975இல் வெளியிட்ட ஆய்வு, 1966இன் மதிப்புக் குறைப்பை மொத்த அளவு, நிகர அளவு என்று பிரித்துக் கணித்தமைக்கு இதுவே காரணம். பொறியியல், வேதிப்பொருள் ஏற்றுமதிகள் நலிவதைக் கண்ட அரசு 1966 ஆகஸ்டிலேயே அவற்றுக்குப் பண மானியம் அளிக்கத் தொடங்கியது.

தீர்வை விதித்ததற்கும் ஒரு நியாயம் இருந்தது. சணல் பொருள்களிலும் தேயிலையிலும் உலகச் சந்தையில் இந்தியாவின் பங்கு பெரிது. பெரிய விற்பனையாளர் விலையைக் குறைத்தால் உலக விலையே இறங்கும். விற்பனை அளவு அந்த அளவுக்குப் பெருகாவிட்டால் டாலர் வருவாய் குறையும். தேநீரின் விலை சற்றுக் குறைந்ததால் பிரித்தானியர் இருமடங்கு பருகப் போவதில்லை. எனவே ரூபாய் மலிந்ததன் பயனை வெளிநாட்டு வாங்குவோரிடம் விட்டுவிடாமல் தீர்வையாகத் தடுத்துக்கொள்வது தருக்கத்துக்கு ஒத்ததே. ஆனால் அத்தருக்கம் போட்டி நாடுகள் அசையாது நிற்கும் என்ற அனுமானத்தைச் சார்ந்தது. பாகிஸ்தான் 1966இலும் 1967இலும் தன் அலுவல்முறை வீதத்தை மாற்றவில்லை. டாலருக்கு 4.76 என்பதே அங்கு நீடித்தது. பெயரளவு வீதத்தை மட்டும் பார்த்தால், கல்கத்தா ஆலைகள் கிழக்குப் பாகிஸ்தான் ஆலைகளைப் பெரிய இடைவெளியில் முந்தியிருக்க வேண்டும். ஆனால் பாகிஸ்தான் 1959 முதல் ஏற்றுமதி ஊக்கச் சீட்டுத் திட்டத்தை நடத்திவந்தது. ஏற்றுமதியாளருக்குக் கிடைத்த அச்சீட்டு மிகைவிலைக்கு விற்றது. சணல் ஆலைகளும் அதன் பயனைப் பெற்றன. ஒருபுறம் தீர்வை, மறுபுறம் ஊக்கச் சீட்டு. இரண்டும் சேர்ந்து அலுவல்முறை வீதங்கள் காட்டிய இடைவெளியைப் பெரிதும் குறைத்துவிட்டன. இந்தியத் தீர்வைகள் பின்னர் படிப்படியாகக் குறைக்கப்பட்டமை இதை உணர்ந்ததன் அடையாளம்.

போட்டித்திறனும் வழங்கல் திறனும்

இத்திருத்தங்கள் அனைத்தையும் செய்த பின்னும் ஒரு வினா எஞ்சுகிறது. உண்மைப் பயனுறு வீதம் சற்றேனும் தாழ்ந்திருந்ததே. அதற்கேற்பவாவது ஏற்றுமதி ஏன் உயரவில்லை? விலையில் போட்டியிடும் திறன் வேறு, விற்கச் சரக்கு இருப்பது வேறு. வறட்சியால் மூலச் சணலும் எண்ணெய் வித்தும் குறைந்தபோது ஆலைகளின் உற்பத்தியும் குறைந்தது. 1965 போருக்குப் பின் பாகிஸ்தானிலிருந்து சணல் வருவதும் நின்றிருந்தது. தேயிலைச் செடி நட்டுப் பல ஆண்டுகள் கழித்தே முழுப் பயன் தரும். பருத்தித் துணி ஏற்றுமதி 1962இன் நீண்டகாலப் பருத்தித் துணி உடன்படிக்கையின் ஒதுக்கீட்டு வரம்புக்கு உட்பட்டிருந்தது. சோவியத் ஒன்றியமும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளும் இந்திய ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைப் பெற்றன. அவற்றுடனான வாணிகம் இருதரப்பு உடன்பாடுகளின்படி ரூபாயில் நடைபெற்றது. விலைக்கேற்ப அளவு தானே பெருகும் சந்தையாக அது இயங்கவில்லை.

ஏற்றுமதி வீழ்ச்சி விலையால் வந்ததா, வழங்கலால் வந்ததா என்பதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. வெளிநாட்டு வாங்குவோர் கூடுதல் விலை தர முன்வந்தும் சரக்கு இல்லாவிட்டால் அது வழங்கல் குறை. சரக்கு தேங்கி நிற்க, போட்டி நாட்டின் சந்தைப் பங்கு வளர்ந்தால் அது விலைக் குறை. 1966–67இல் முதலாவது மிகுந்திருந்தது என்பதைப் பின்வந்த ஆண்டுகள் உணர்த்துகின்றன. 1967–68இல் மழை பெய்து தானிய விளைச்சல் 951 இலட்சம் டன்னை எட்டியது. அடுத்த ஆண்டில் மொத்த விலைகள் சற்றே இறங்கின. 1968–69இல் ஏற்றுமதி ஏறத்தாழ 179 கோடி டாலராகவும், 1970–71இல் 203 கோடி டாலராகவும் உயர்ந்தது. இவ்வுயர்வு முழுவதையும் மதிப்புக் குறைப்பின் பயனாகக் கூற இயலாது. மீண்டும் வழங்கப்பட்ட மானியங்களுக்கும், நல்ல விளைச்சலுக்கும் அதில் பங்குண்டு. எனினும் 1967–68இன் தாழ்நிலையை மட்டும் கொண்டு வழங்கப்பட்ட தீர்ப்பு காலத்தால் முந்திய தீர்ப்பு என்பது தெளிவு.

எதிர்த்திசையில் ஒரு சான்று

பெயரளவு வீதம் அசைந்தும் பயனுறு வீதம் அதற்கேற்ப அசையாமைக்கு 1966 எடுத்துக்காட்டு. பெயரளவு வீதம் அசையாமலே பயனுறு வீதம் அசைந்தமைக்கு 1970களின் முற்பகுதி எடுத்துக்காட்டு. 1971 டிசம்பரில் இந்தியா ரூபாயைப் பவுண்டுடன் பிணைத்தது. ஒரு பவுண்டு 18.9677 ரூபாய். 1972 ஜூனில் பவுண்டு மிதக்க விடப்பட்டது. அது ஜெர்மானிய மார்க்கு, ஜப்பானிய யென் ஆகியவற்றுக்கு எதிராகச் சரிந்தபோது, அதனுடன் பிணைந்திருந்த ரூபாயும் சரிந்தது. அறிவிப்போ, நாடாளுமன்ற விவாதமோ, 1966இன் அரசியல் கொந்தளிப்போ இல்லை. பவுண்டுக்கு எதிரான வீதத்தைப் பார்த்தவருக்கு ரூபாய் நிலையாக இருப்பதாகவே தோன்றியிருக்கும். 1975 செப்டம்பர் 25 முதல் இந்தியா ரூபாயைப் பல நாணயங்கள் கொண்ட ஒரு தொகுப்புடன் பிணைத்தது. தனியொரு நாணயத்துக்கு எதிரான வீதம் ஒரு நாட்டின் வாணிக நிலையைக் காட்டாது என்ற உண்மை அப்போது கொள்கை வடிவம் பெற்றது.

முடிவுரை

பெயரளவு மாற்று வீதம் பயனற்றதன்று. கடன் தவணை, உரிமக் கட்டணம், வெளிநாட்டுப் பயணச் செலவு ஆகியவை அவ்வீதத்திலேயே தீர்க்கப்படுகின்றன. 1966இல் அரசின் வெளிநாட்டுக் கடன் சுமை ரூபாய்க் கணக்கில் 57.5 விழுக்காடு முழுவதும் உயர்ந்தது. அதற்கு விலைவாசித் திருத்தம் எதுவும் இல்லை. மதிப்புக் குறைப்பின் சுமை பெயரளவு வீதத்தின்படி முழுமையாக வந்தது. அதன் பயன் உண்மைப் பயனுறு வீதத்தின்படி சுருங்கி வந்தது. மக்களிடையே எழுந்த கசப்புக்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம் எனலாம்.

உண்மைப் பயனுறு வீதமும் தனித்து நின்று தீர்ப்பு வழங்காது. அதன் அடிப்படை ஆண்டு, விலைக் குறியீடு, எடைகள் ஆகியவற்றை அறிந்தே அதைப் படிக்க வேண்டும். 1965–66ஐ 100 எனக் கொண்டது, அவ்வாண்டில் ரூபாயின் மதிப்பு சரியாக இருந்தது என்பதற்குச் சான்றாகாது. அப்போதே அது மிகை மதிப்பில் இருந்தது என்பதால்தான் இறக்குமதி உரிமங்கள் மிகைவிலைக்குப் போயின. வரி, மானியம், ஒதுக்கீடு, வழங்கல் திறன் ஆகியவை அக்குறியீட்டுக்கு வெளியே நிற்பவை.

ஆகவே 1966ஐப் பற்றி எழுப்ப வேண்டிய வினா, 57.5 விழுக்காட்டு விலையேற்றம் ஏன் பயன் தரவில்லை என்பதன்று. தேயிலைக்கு ஏறத்தாழ ஒன்றுமின்றியும், பொறியியல் பொருளுக்கு எதிர்த்திசையிலும், சணலுக்குப் பாதிக்கும் குறைவாகவும் சென்று சேர்ந்த ஒரு மாற்றத்திலிருந்து, இரு வறட்சி ஆண்டுகளுக்கிடையே, எவ்வளவு எதிர்பார்த்திருக்க முடியும் என்பதே அவ்வினா. அவ்வாறு கேட்கும்போது, தோல்வி என்று பெயரிடப்பட்டது பெரும்பாலும் நிகழாமற்போன ஒரு மதிப்புக் குறைப்பே என்பது புலனாகிறது.